பப்பாசியிலும் மரவள்ளியிலும் வெள்ளை மெழுகுப் பூச்சி: எதைப் பார்த்தால் என்ன செய்வது

எங்கள் வெள்ளவத்தை வீட்டுப் பின்வளவில் ஒரு பப்பாசி மரமும் மூன்று மரவள்ளிச் செடியும் நிற்கின்றன. போன பெப்ரவரியில் நான்கிலுமே பஞ்சு அப்பியதுபோல வெள்ளையாகப் படிந்து, மரவள்ளி நுனி சுருண்டு, பப்பாசிப் பிஞ்சுகள் காம்போடு விழத் தொடங்கின. கையில் கிடைத்ததை எல்லாம் அடித்துப் பார்த்து நிலைமையைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்த்ததில் விளங்கியவற்றை, கண்ணுக்குப் படும் அறிகுறியில் தொடங்கி எழுதுகிறேன். உங்கள் வளவில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள், ஏனென்றால் பூச்சியைப் பிழையாக அடையாளம் கண்டால் மிச்சம் எல்லாமே வீண்.

"வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது"

முதலில் இலையை மெல்லத் தட்டுங்கள். சின்ன வெள்ளைப் பூச்சிகள் புகைபோலப் பறந்து திரும்ப வந்து ஒட்டினால் அது வெள்ளை ஈ. இலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளைக் கோலம் போட்டதுபோல இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது பப்பாசியிலும் மரவள்ளியிலும் வரும், ஆனால் நாம் தேடும் பூச்சிக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் சின்னக் குளவி ஒன்றைப் பற்றி இங்கே சொல்லப்போகிறேன், அது வெள்ளை ஈயைத் தொடாது. தட்டியும் எதுவும் பறக்கவில்லை, விரலால் தேய்த்தால் மா மட்டும் ஒட்டுகிறது, உடல் என்று எதுவும் நசுங்கவில்லை என்றால் அது பூஞ்சண நோய். மெழுகுக்குக் கீழே மென்மையான முட்டை வடிவ உடல் இருந்து, நசுக்கினால் மஞ்சள் நீர் வந்தால்தான் நாம் தேடும் ஆள்.

இது பப்பாசி மாவுப்பூச்சி. வெண்மூட்டுப்பூச்சி என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். வளர்ந்த பெண் 2 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், மஞ்சள் உடல், மேலே வெள்ளைப் பொடி, உடலின் ஓரத்தில் குட்டையான மெழுகு இழைகள். பெண்ணுக்குச் சிறகு கிடையாது. வயிற்றுக்குக் கீழும் பின்னாலும் பஞ்சுப் பை ஒன்றைக் கட்டி அதற்குள் முட்டை இடும், ஒரு பெண் நூற்றுக்கணக்கில் இடும். இதன் சொந்த ஊர் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். 2008இல் இங்கே கொழும்பு, கம்பஹா பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பன்சலை வாசல்களில் நிற்கும் அரலிய மரங்கள் வெள்ளை வெளேரென்று ஆனதை அப்போது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை, கத்தரி, காட்டாமணக்கு என்று பட்டியல் நீளமானது. ஆகவே பப்பாசியை மட்டும் கவனித்துவிட்டு வேலியோரச் செவ்வரத்தையை விட்டால் பூச்சி அங்கேயிருந்து திரும்ப வரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பாமசியில் கிடைக்கும் 70 சதவீத சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் நாலைந்து பூச்சிகளைப் போட்டு ஒன்றிரண்டு நாள் வையுங்கள். பப்பாசி மாவுப்பூச்சி நீலங்கலந்த கறுப்பாக மாறும். நான் பழைய ஜாம் போத்தல் மூடியில் செய்தேன், மறுநாளே மை தோய்த்ததுபோல ஆகிவிட்டது. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், மஞ்சள் நீர், குட்டை ஓர இழை, இந்தக் கறுப்பு, மூன்றும் சேர்ந்தால் போதும். முதுகில் இரண்டு கருங்கோடும், பின்னால் இரண்டு நீளமான வாலும், கண்ணாடி இழைபோல மயிரும் இருந்தால் அது வேறு இனம், வாலுள்ள மாவுப்பூச்சி. அதற்கும் இந்தக் குளவி உதவாது.

ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். கூட்டத்துக்கு நடுவே மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியதாக, நீள நீளமான வெள்ளை மெழுகு வால்களோடு ஒன்று விறுவிறுவென்று ஓடும். "இதுதான் ராணி" என்று நினைத்து நசுக்கினேன். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. இரையைப் போலவே மெழுகு போர்த்திக்கொண்டு இரைக்கு நடுவிலேயே வாழ்கிறது. மாவுப்பூச்சி மெதுவாகத்தான் நகரும், ஓடாது. ஓடினால் விட்டுவிடுங்கள். இதேபோல தடித்து, நத்தைபோல ஊர்ந்து, முதுகில் மெழுகு போர்த்திய ஒரு கம்பளிப்புழுவும் கிடைக்கும். அது ஸ்பால்கிஸ் எபியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு, அதுவும் மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதன் கூட்டுப்புழுவைத் திருப்பிப் பார்த்தால் குரங்கின் முகம் தெரியும், பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

"மருந்து அடித்தேன், இரண்டு கிழமையில் முன்னையைவிட அதிகமாக வந்துவிட்டது"

இதுதான் பெரும்பாலானோர் சிக்கிக்கொள்ளும் இடம், நானும் இங்கேதான் ஒரு மாதத்தை இழந்தேன். ஹாட்வெயார் கடையில் கொடுத்த பூச்சிமருந்தைச் சொன்ன அளவில் கலந்து அடித்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் நிறையச் செத்திருந்தன, சந்தோஷம். பதினாறாம் நாள் இலையின் அடி முழுக்க மஞ்சள் புள்ளிகள், குஞ்சுகள். திரும்ப அடித்தேன், திரும்பவும் அதே கதை.

நடந்தது இதுதான். மெழுகு தண்ணீரை உருட்டிவிடுகிறது, அதனால் மருந்து உடலில் நனையாமல் வழிந்துவிடும். அதையும் தாண்டி வளர்ந்தவை செத்தாலும் பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. சுமார் 10 நாளில் அவை பொரிக்கும். அதுவரை மருந்தில் மாட்டிச் செத்தது யார் என்றால், மெழுகும் இல்லாத, பைக்குள்ளும் ஒளியாத குளவி. ஆகவே குஞ்சு வெளியே வரும்போது அதைத் தேடி வர ஒரு எதிரியும் மிச்சமில்லை. மருந்து பூச்சியைக் குறைத்தது கொஞ்சம், பூச்சியின் எதிரியைக் குறைத்தது முழுவதும்.

"மண்ணில் ஊற்றும் மருந்து, வேர் வழியாகப் போகும், குளவிமேல் படாது" என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மருந்து சாறு வழியாக மாவுப்பூச்சிக்குள் போய், அது கழிக்கும் இனிப்புத் திரவத்திலும் வந்துவிடுகிறது. குளவி அந்த இனிப்பைக் குடிக்கும். ஸ்பெயினில் தோடை இன மரங்களில் செய்து 2019இல் வெளியான ஆய்வொன்று, இமிடாக்குளோபிரிட் வகையைச் சேர்ந்த மருந்தொன்று மாவுப்பூச்சியின் கழிவுவழியே ஒட்டுண்ணிக் குளவியைக் கொல்வதைக் காட்டியது. அதோடு நாம் தின்னப்போகும் பழத்துக்கும் கிழங்குக்கும் உள்ளே மருந்தை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்போ செய்ய வேண்டியது என்ன? மருந்தை நிறுத்துங்கள். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கத்துக்கும் காய்க்காம்பு இடுக்குக்கும் தண்ணீரைப் பாய்ச்சி அடியுங்கள். விழுந்த பெண் பூச்சி மரம் ஏறித் திரும்ப வருவது லேசில் நடக்காது. நான் 3 நாளுக்கு ஒரு முறை, மூன்று முறை செய்தேன். அதிலும் போகாத கட்டிகளுக்கு மட்டும் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பப்பாசி இலை சவர்க்காரத்துக்கும் எண்ணெய்க்கும் கருகிப்போகும் இனம், அதனால் முதலில் ஒரு இலையில் மட்டும் பூசி இரண்டு நாள் பாருங்கள், அதுவும் வெயில் தணிந்த பிறகு. வேப்பெண்ணெயை ஊற்றி மரத்தின் தலை இலைகளைக் கருக்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் என் மச்சான்.

நாற்றுப் பருவத்துப் பப்பாசியில் குருத்தே மூடிப்போயிருந்தால் குளவிக்காகக் காத்திருக்க நேரம் கிடையாது. அங்கே கையால் சுத்தம் செய்யத்தான் வேண்டும், குருத்து போனால் மரம் போச்சு.

"தண்டில் எறும்பு வரிசை போகிறது"

போகிறதா? அப்போ அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், குளவி வேலையைத் தொடங்கும் முன்னாலேயே. மாவுப்பூச்சி குடிக்கும் சாற்றில் சீனி அதிகம், அதற்குத் தேவையான சத்து குறைவு. ஆகவே அது நிறையக் குடித்து மிச்சச் சீனியைத் துளித்துளியாகக் கழிக்கிறது. எறும்புக்கு அது இலவசப் பாணி. பதிலுக்கு எறும்பு காவல் நிற்கும். குளவி தலைக்கு மேல் பறந்துகொண்டே முட்டை வைக்க முடியாது, மாவுப்பூச்சியின்மேல் இறங்கி நின்று, உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, திரும்பிக் குத்த வேண்டும். அதற்குள் எறும்பு வந்து விரட்டிவிடும். பொறிவண்டுப் புழுவையும் அப்படித்தான் துரத்தும். எறும்பு இன்னொரு நல்லதையும் மாவுப்பூச்சிக்குச் செய்கிறது. கழிவை உடனுக்குடன் எடுத்துவிடுவதால் கூட்டம் தன் சொந்தப் பாணியிலேயே ஒட்டிச் சாகாமல் தப்புகிறது. எறும்பு நின்றதும் இலை திடீரென்று பிசுபிசுத்துக் கறுத்தால் பயப்பட வேண்டாம், பாணியைத் தூக்கிப்போக ஆள் இல்லை என்று அர்த்தம்.

தண்டில் ஒட்டும் வளையம் போடுவதுதான் வழி. ஆனால் கிறீஸைப் பப்பாசித் தண்டில் நேரடியாகப் பூசாதீர்கள், அதன் தோல் மெல்லியது, அழுகும். நான்கு விரல் அகலத் துணியை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, இரண்டு ஓரத்தையும் கட்டி, பொலித்தீன்மேல் கிறீஸ் பூசுங்கள். துணிக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எறும்பு அதற்குள்ளாலேயே போய்விடும், ஆகவே தண்டின் பள்ளங்களில் பஞ்சு வைத்து அடையுங்கள். தூசியும் செத்த எறும்பும் சேர்ந்து கிறீஸின்மேல் பாலம் கட்டிவிடும், கிழமைக்கு ஒருமுறை புதிதாகப் பூச வேண்டும்.

வளையம் போட்டு நாலு நாளாகியும் மேலே எறும்பு இருந்ததால் எனக்குத் தலை வெடித்தது. பார்த்தால் மரத்தின் ஓர் இலை கேபிள் வயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து வயர் வழியாக எறும்புக்கு நேர் பாதை. கொழும்பில் இதுதான் வழக்கமான ஓட்டை: மதில், உடுப்புக் கொடி, வயர், இன்னொரு மரத்தின் கிளை. அந்த இலையை வெட்டியதும் இரண்டே நாளில் வரிசை நின்றுவிட்டது. மரவள்ளிக்கு வளையம் போடுவது தொல்லை, தண்டு மெலிசு, இலைகள் ஒன்றை ஒன்று தொடும். அங்கே நான் இரை வைத்தேன். அரை லீற்றர் தண்ணீரில் 125 கிராம் சீனியும் ஒரு மட்டத் தேக்கரண்டி போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் தோய்த்து, பக்கத்தில் துளை போட்ட சின்ன டப்பாவுக்குள் வைத்து எறும்புப் பாதையில் விட்டேன். போரிக் அமிலத்தைக் கூட்டிப் போட்டால் எறும்பு வழியிலேயே செத்துப்போகும், புற்றுக்குக் கொண்டுபோகாது. மெதுவாகக் கொல்வதுதான் இங்கே வேண்டியது, ஒன்றிரண்டு கிழமை பொறுங்கள். குழந்தைகளும் பூனையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

"பழுப்பாக, ஊதி, காய்ந்துபோன சில உடல்கள் தெரிகின்றன"

இது நல்ல செய்தி. வெள்ளைப் பொடி உதிர்ந்து, தோல் இறுகி, தேன் நிறத்தில் சின்னப் பீப்பாய்போல ஒட்டிக்கொண்டிருக்கும் இவற்றை மம்மி என்று சொல்வார்கள். உள்ளே குளவி வளர்கிறது. ஒரு முனையில் வட்டமாகச் சுத்தமான துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளை இல்லையென்றால் இன்னும் உள்ளே இருக்கிறது. தாறுமாறாகக் கிழிந்திருந்தால் வேறு ஏதோ தின்றிருக்கிறது.

அந்தக் குளவியின் பெயர் அசெரோஃபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் வாசலில் கூடு கட்டிக் கொட்டுவதை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீற்றரும் இல்லை, மங்கிய செம்மஞ்சள் நிறம், மனிதரைக் கொட்டாது, கண்ணாடிப் போத்தலில் பார்த்தால் தூசி நடப்பதுபோல இருக்கும். 2009இல் விவசாயத் திணைக்களம் இதைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்டது. அங்கே அமெரிக்க விவசாயத் துறை இதே வேலைக்காக வளர்த்துக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கு அடுத்த வருடம், 2010இல், அதே இடத்திலிருந்து மூன்று இனங்கள் போயின, அவற்றில் ஒன்று இதுதான். இங்கே விட்டது பிடித்துப் பரவிவிட்டது, ஆகவே இன்றைக்குக் குளவியை எங்கே வாங்குவது என்று தேட வேண்டியதில்லை. வளவில் ஏற்கனவே இருக்கிறதா, இருந்தால் ஏன் வேலை நடக்கவில்லை என்பதுதான் கேள்வி.

குளவி முட்டை வைக்க விரும்புவது பெரிய பெண்ணில் அல்ல, இரண்டாம் பருவத்துக் குஞ்சில். முட்டையிலிருந்து குளவியாக வெளியே வர சுமார் 2 கிழமை. மாவுப்பூச்சி முட்டையிலிருந்து வளர்ந்த பெண்ணாக சுமார் 25 நாள். இவை 25 பாகை வெப்பத்தில் பார்த்த கணக்கு, கொழும்பு வெயிலில் இரண்டும் கொஞ்சம் வேகம். பூச்சியின் ஒரு தலைமுறைக்குள் குளவிக்கு ஏறக்குறைய இரண்டு, அதனால்தான் துரத்திப் பிடிக்கிறது. ஆனால் பெரியவையும் முட்டைப் பையும் உடனே குறையாது, மேலே பார்க்க வெள்ளை அப்படியேதான் இருக்கும். முதல் மூன்று நான்கு கிழமையில் பொறுமை இழந்து மருந்துப் போத்தலைத் திறக்கத் தோன்றும், எனக்குத் தோன்றியது.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாத ஒன்று, மோசமான இலைகளை வெட்டி எரிப்பது. மம்மியும் சேர்ந்து எரியும். நான் செய்தது: ஒரு பெரிய தாச்சியில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, அதற்கு நடுவே ஆழமான வாளி ஒன்றை வைத்து, வெட்டிய இலைகளை வாளிக்குள் போட்டேன். மழை படாமல், பாதிக்கப்பட்ட மரத்துக்குப் பக்கத்திலேயே. இலை காயக் காய மாவுப்பூச்சி சாறில்லாமல் சாகும், நடந்து தப்பப் பார்க்கும் குஞ்சு தண்ணீரில் விழும், குளவி மட்டும் பறந்து மரத்துக்குப் போகும். 2 கிழமைக்குப் பிறகு வாளியைக் கொட்டலாம். தண்ணீர் தேங்குவதால் நுளம்பு வரும், 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

"மம்மி ஒன்றையும் காணவில்லை"

அப்போ எண்ணிப் பாருங்கள், ஊகிக்க வேண்டாம். இலையின் அடியில் பெரிய நரம்புகள் காம்பில் வந்து சேரும் இடத்தில் ஒரு குற்றி அளவு வட்டத்தை எடுத்து, அதற்குள் இருக்கும் உடல்களையும் மம்மிகளையும் பூதக்கண்ணாடியால் எண்ணுங்கள், தொலைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்தாலும் சரி. என் கணக்கு இப்படி இருந்தது. மருந்தை நிறுத்திய நாளில் 31 உடல், மம்மி பூச்சியம். ஒன்றுகூட இல்லை என்றால் நான்தான் குளவியை அழித்திருக்கிறேன் என்று விளங்கியது.

எங்கிருந்து கொண்டுவருவது? ஒழுங்கையின் கோடி வீட்டு மாமியின் செவ்வரத்தை இரண்டு வருடமாக வெள்ளையாகவே இருக்கும், ஆனால் செத்ததில்லை. மருந்தே கண்டிராத செடி. போய்ப் பார்த்தால் நுனிகளில் துளையில்லாத மம்மிகள் நிறைய. "மாமி, இந்தப் பூச்சி பிடித்த நுனி கொஞ்சம் வெட்டிக்கொண்டு போகட்டா?" என்று கேட்டேன். "பூச்சியைக் கொண்டுபோய் என்ன தம்பி செய்யப்போறாய்? முழுக்கவே வெட்டிக்கொண்டு போ" என்றார். முழுக்க வேண்டாம், அங்கேயும் குளவி இருக்கட்டும் என்று 8 நுனி எடுத்தேன். அவற்றைத் திறந்தபடி தெருவில் தூக்கிவராமல் பொலித்தீன் பையில் முடிந்து கொண்டுவந்து, அதே வாளி முறையில் பப்பாசிக்குக் கீழே வைத்தேன். கொண்டுவருவது என் மரத்தில் ஏற்கனவே இருக்கும் அதே இனம்தானா என்று ஸ்பிரிட் சோதனையும் செய்தேன், இல்லாவிட்டால் இல்லாத ஒரு பூச்சியைக் காசில்லாமல் கொண்டுவந்து வைத்ததாகிவிடும்.

அப்புறம் இரண்டு நுனியை மட்டும் தனியாக ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் கட்டினேன். நுளம்பு வலை போதாது, அதன் கண்ணுக்குள்ளால் குளவியும் போகும், மாவுப்பூச்சிக் குஞ்சும் போகும். ஆறாம் நாளிலிருந்து செம்மஞ்சள் தூசிகள் கண்ணாடியில் நடந்தன. அவற்றோடு ஒன்றிரண்டு கறுப்புக் குளவியும் வந்தது. கறுப்பு வந்தால் அது பெரும்பாலும் குளவியைத் தின்னும் இன்னொரு குளவி. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, போத்தலில் கறுப்பே அதிகம் என்றால் அந்தச் செடியிலிருந்து எடுக்காதீர்கள்.

எண்ணிக்கை இப்படிப் போனது: இரண்டாம் கிழமை முடிவில் 28இல் 3 மம்மி. நாலாம் கிழமையில் 26இல் 11. அந்த நாலாம் கிழமையில்தான் கேபிள் வயர் எறும்பையும் கண்டுபிடித்தேன், அதற்கு முன்னால் வயர் பக்கத்து இலைகளில் மம்மி 1, மறுபக்கத்தில் 10 என்று கணக்கு கோணலாக இருந்ததுதான் என்னைத் தேட வைத்தது. ஒரே மரத்தின் ஒரு பக்கம் மட்டும் மம்மி இல்லாமல் இருந்தால் அந்தப் பக்கம் எறும்பைத் தேடுங்கள். ஏழாம் கிழமையில் அதே வட்டத்தில் உடலே 9தான், அதில் 6 மம்மி. புதிதாக விட்ட இலைகள் சுத்தமாக இருந்தன. பழைய இலையில் வெள்ளை மெழுகும் பஞ்சும் அப்படியே ஒட்டியிருந்தன, அது வெறும் குப்பை, உயிர் கிடையாது.

"பப்பாசி தெளிந்துவிட்டது, மரவள்ளி மட்டும் இன்னும் சுருளுகிறது"

இங்கேதான் இன்னொரு பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பப்பாசி மாவுப்பூச்சி மரவள்ளியில் வந்தாலும் இலை மஞ்சளாகும், சுருளும், கொட்டும். ஆனால் நுனி கோவாபோல ஒரே கொத்தாக இறுகி, கணுக்களுக்கு நடுவே நீளம் இல்லாமல் தண்டு முறுக்கிக்கொண்டு, பூச்சியின் உடல் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால், அது மரவள்ளி மாவுப்பூச்சியாக இருக்கலாம், பினாகாக்கஸ் மணிஹோட்டி. அதன் உமிழ்நீரே செடியை முறுக்கிவிடும். அதில் ஆணே கிடையாது, ஒரு பெண் வந்தால் போதும்.

அதற்கு வேறு குளவி, அனகைரஸ் லோபெசி. இந்தப் பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து 1970களில் ஆபிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை நம்பி வாழ்ந்த நாடுகளைப் பட்டினிக்குத் தள்ளியது. 1981இல் பராகுவேயில் இதன் குளவியைக் கண்டுபிடித்து, அதே வருடம் நைஜீரியாவில் விட்டார்கள். அந்த வேலைக்காகத்தான் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்துக்கு 2008இல் பூச்சி வந்தது, அடுத்த வருடமே பெனினிலிருந்து குளவி போனது. 2020இல் கேரளாவின் திருச்சூரில் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது. பப்பாசிக் குளவி இதைச் சீந்தாது, இதன் குளவி பப்பாசிப் பூச்சியைச் சீந்தாது. ஆகவே இளஞ்சிவப்பும் கொத்து நுனியும் சேர்ந்து கண்டால் நீங்களாக ஒன்றும் செய்யாமல், செடியை அசைக்காமல் படமெடுத்து, விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். ஊருக்குப் போய்வரும்போது "நல்ல இன மரவள்ளித் தடி" என்று இந்தியாவிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது இந்தப் பூச்சிக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது.

என் செடியில் அப்படி ஒன்றும் இல்லை. மஞ்சள் உடல், ஸ்பிரிட்டில் கறுத்தது, பப்பாசியில் இருந்ததேதான். பிந்தியதற்குக் காரணம் எறும்பு இரை வேலை செய்ய எடுத்த இரண்டு கிழமை. பழைய சுருண்ட இலை நிமிராது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், புது நுனியைப் பாருங்கள்.

"பழம் கறுப்பாக இருக்கிறது, சாப்பிடலாமா?"

சாப்பிடலாம். அந்தக் கறுப்பு இனிப்புக் கழிவின்மேல் வளரும் கரும்பூஞ்சணம், பழத்துக்குள் போவதில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். பூச்சியே அப்பிய பழம் முழுதாகப் பழுக்காமல் சுருங்கியிருக்கும், ருசி இருக்காது.

"எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் திரும்பவும் ஓரிரண்டு தெரிகின்றன"

தெரியும், தெரியத்தான் வேண்டும். குளவியின் புழுவுக்கு வேறு சாப்பாடு கிடையாது, மாவுப்பூச்சி முழுக்கப் போனால் குளவியும் போய்விடும், அடுத்த முறை வெளியிலிருந்து பூச்சி வரும்போது ஆளில்லை. ஜனவரி, பெப்ரவரி வெயில் காலத்தில் கொஞ்சம் ஏறும், மே மாதத்து மழை அடித்துக் கழுவும்போது இறங்கும். நான் மாதம் ஒருமுறை அதே குற்றி வட்டத்தை எண்ணுகிறேன். மூன்றில் ஒன்றாவது மம்மியாக இருந்தால் ஒன்றும் செய்வதில்லை. அதைவிடக் குறைந்தால் மருந்தைத் தேடுவதில்லை, கேபிள் வயரைப் போய்ப் பார்க்கிறேன்.